இரண்டு வரிக்கு இரண்டு பக்கம்: வெளிநாட்டுப் பேத்திக்குத் தாத்தா எழுதும் பதில்

“லேப்ல இருக்கேன் தாத்தா. அப்புறம் பேசறேன்.”

“சாப்ட்டேன். தயிர் சாதம். தயிர் புளிக்கவே இல்ல.”

“இங்க 4 மணிக்கே இருட்டிடுச்சு.”

நடுவில் ஒரு படம். சைக்கிள் சீட்டின் மேல் பனி விழுந்து கிடக்கிறது. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு, “ஸாரி தாத்தா, சண்டே கண்டிப்பா பேசறேன்.” ஞாயிறு வந்தது, போனது. அழைப்பு வரவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் பேரப்பிள்ளையிடமிருந்து இரண்டு வாரத்தில் ஒரு தாத்தாவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்குப் பகல் நீளமானது. அனுப்புகிற பிள்ளைக்கோ நாள் போதவில்லை. இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் பாசம் குறைந்துவிட்டது என்று பல வீடுகளில் தவறாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டாமல், அந்தத் துண்டு வரிகளையே எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நல்ல கடிதம் எழுத முடியும். அது எப்படி என்பதை ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

தாத்தா மயிலாடுதுறைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் தந்தி அடித்தவர். பேத்தி ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்தில் முதுகலை படிக்கிறாள். வீட்டில் அம்மு.

தந்தி அடித்த கை என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அது இருந்தவரை வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. விலாசத்தில் இருக்கும் வார்த்தைகளும் கணக்கில் சேரும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஒரே வார்த்தையில் தந்தி விலாசம் பதிந்து வைத்திருந்தன. ஆறேழு வார்த்தைக்குள் கல்யாணமும் சாவும் பிரசவமும் அடங்கிவிடும். அதை வாங்கிப் படித்தவர்கள் யாரும் ‘இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறானே, மனசில் அன்பில்லை’ என்று நினைத்ததில்லை. எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதையெல்லாம் பார்த்து, எழுதாததையும் சேர்த்துப் படித்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரிக்கும் அந்தப் படிப்பு தேவைப்படுகிறது.

முதலில் நேரம். தாத்தாவின் கைப்பேசியில் தெரிவது இந்திய நேரம். குளிர்காலத்தில், அதாவது அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை, ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் மூன்றரை மணி. ‘லேப்ல இருக்கேன்’ என்ற செய்தி இங்கே அதிகாலை 3:10-க்கு வந்திருக்கிறது. அங்கே இரவு 10:40. தாத்தா ‘சாப்பிட்டாயா அம்மு’ என்று கேட்டது இங்கே இரவு எட்டுக்கு. அவளுக்கு அப்போது பிற்பகல் மூன்றரை. ஏழு மணி நேரம் பதில் இல்லை என்று மட்டும் பார்த்தால் மனசு சுருங்கும். நேரத்தைக் கழித்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. பிற்பகலிலிருந்து இரவு வரை ஒரே வேலையில் இருந்தவள், கிளம்புமுன் கைப்பேசியை எடுத்ததும் தாத்தாவுக்குத்தான் தட்டியிருக்கிறாள்.

அடுத்து, வரிக்குள் இருக்கும் பொருள். ‘சாப்ட்டேன்’ என்பது கேள்விக்குப் பதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘தயிர் சாதம், தயிர் புளிக்கவே இல்ல’ என்று கூடச் சேர்த்தது தானாக வந்தது. யாரும் கேட்காமல் ஒரு பிள்ளை சொல்லும் சின்ன விஷயம்தான் பதில் எழுத நல்ல பிடி. இருட்டு, பனி, தயிர் என்று மூன்று பிடி இங்கே கிடைத்துவிட்டது. இவற்றை அந்தந்த நாளே நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது நல்லது. இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்தால் எழுத விஷயம் தயாராக இருக்கும். திரையை மேலே மேலே தள்ளித் தேடினால் நடுவில் நாமே அனுப்பிய ‘காலை வணக்கம்’ பூப்படங்கள்தான் கண்ணில் படும். சொல்லப்போனால், அந்தப் பூப்படங்களை நிறுத்துவதே முதல் வேலை. அதற்கு வரும் கட்டைவிரல் குறியை நாம் பேத்தியின் பதில் என்று எண்ணிக்கொண்டு வருத்தப்படுகிறோம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வரும் வரி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ‘உனக்கு எங்கள் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.’ அடுத்த பத்தியில் கேள்விகள் வரிசையாக வரும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, பரீட்சை எப்போது, கூட இருப்பவர்கள் யார், ஊருக்கு எப்போது வருவாய். மூன்றாம் பத்தியில் உடம்பு வலிகள். கடைசியில் அறிவுரை. எல்லாம் அன்பினால் வந்ததுதான். ஆனால் வாங்குகிறவளுக்கு இது செலுத்த வேண்டிய பாக்கிக் கணக்கு. பத்துக் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லாதவள், நேரம் வரும்போது எழுதலாம் என்று தள்ளிப்போடுவாள். தள்ளிப்போட்டது குற்ற உணர்ச்சியாகும். அப்புறம் ஒற்றை வரியும் குறையும்.

தனிக் கடிதம் எழுதுவதற்கு நமக்கு முன்னால் பெரிய மாதிரிகள் இருக்கின்றன. 1928-இல் முசோரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு நேரு எழுதியவை அடுத்த ஆண்டே புத்தகமாயின. மு. வரதராசன் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘அன்னைக்கு’ என்று கடித வடிவிலேயே நூல்கள் எழுதினார். அவை உலகத்தையும் வாழ்க்கையையும் கற்றுக்கொடுக்க எழுதப்பட்டவை, ஊருக்கே பொதுவானவை. அதைப் படித்து வளர்ந்த தலைமுறைக்குக் கடிதம் என்றாலே போதிக்க வேண்டும் என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்முவுக்குப் போகும் கடிதத்தில் போதனைக்கு இடம் வேண்டியதில்லை. இது வேறு யார் வீட்டுக்கும் பொருந்தாத கடிதமாக இருந்தால் போதும்.

அந்தக் கடிதம் இப்படி அமையலாம்:

உ

மயிலாடுதுறை,
டிசம்பர் 18

அன்புள்ள அம்முவுக்கு,

தாத்தா எழுதுவது. இங்கே பாட்டியும் நானும் சௌக்கியம்.

நீ லேபில் இருப்பதாகப் போட்ட செய்தியைக் காலையில் காபி குடிக்கும்போது பார்த்தேன். அங்கே இரவு பத்தே முக்காலுக்கு அனுப்பியிருக்கிறாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். “அந்த நேரத்துல எப்படி வீட்டுக்குப் போவா?” என்றாள். டிராம் ஓடும் என்று நீ வந்திறங்கின வாரத்தில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “அப்ப சரி” என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் முடியும்வரை எழுந்திருக்க முடியாத வேலை எனக்கும் தெரியும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்ததே, அன்றைக்கு ராத்திரி தந்திக் கம்பி அறுந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஆபீஸ் வாசலில் ஜனம். எல்லோருக்கும் ஒரே தந்திதான்: ‘நாங்கள் பத்திரம்.’ கம்பி சரியானதும் நானும் இன்னொருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து அடித்தோம். கை வலித்தது அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதுதான் தெரிந்தது. உனக்கும் லேபில் பசி தெரியாமல் இருந்திருக்கும்.

தயிர் புளிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பாட்டிக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மார்கழிக் குளிரில் இங்கேயே தயிர் சரியாக உறையாது. பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசி டப்பாவுக்குள் இறக்கி வைப்பாள். உன் ஊரில் அடுப்போடு சேர்ந்த அவன் இருந்தால், சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் போதுமாம். உறைந்த பிறகும் இன்னும் சில மணி நேரம் வெளியே விட்டால்தான் புளிப்பு ஏறும். ஃபிரிட்ஜில் வைத்தால் அதோடு நின்றுவிடும்.

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். அட்லஸை எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே, உன் ஊர் 51 பாகை. இந்த வாரம் உனக்கு வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான், எங்களுக்குப் பதினொன்றரை. டிசம்பர் 22-க்கு அப்புறம் அங்கே பகல் வளரத் தொடங்கும். முதலில் ஒரு நிமிஷம் அரை நிமிஷமாகத்தான் கூடும்; பிப்ரவரியில் நன்றாகத் தெரியும்.

சைக்கிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பனி நாலு விரல் உயரம் இருக்கும்போல. பின்னால் கைப்பிடிச் சுவரில் ஒரு சிவப்பு மப்ளர் தொங்குகிறது. அது உன்னுடையதா? ஆமாம், இல்லை என்று ஒரு சொல் போதும்.

இங்கே ஐப்பசி மழையில் கொல்லை முருங்கையில் பெரிய கிளை ஒடிந்து விழுந்தது. அதை வெட்டிக் கிணற்றடியில் நட்டு வைத்தோம். துளிர் விட்டிருக்கிறது. முந்தாநாள் மார்கழி பிறந்தது. மாயூரநாதர் கோயிலில் காலையில் பொங்கல் கொடுக்கிறார்கள். நான் போய்விட்டு வருவதற்குள் பாட்டி கோலத்தை முடித்துவிடுகிறாள்.

எனக்கு இடது கண்ணில் புரை ஆப்பரேஷன் ஆகி மூன்று வாரம். உன் மாமா கூட வந்திருந்தான். சொட்டு மருந்து இன்னும் கொஞ்ச நாள். பொங்கல் கழித்துப் புதுக் கண்ணாடி. வலி இல்லை. பச்சை நிறம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேச முடியாமல் போனதை மனசில் வைத்துக்கொள்ளாதே. இங்கே சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை நான் வீட்டில்தான் இருக்கிறேன். உனக்கு அது பகல் ஒன்றரையிலிருந்து நாலரை. எந்தக் கிழமையானாலும் சரி, டிராமில் போகும்போது இரண்டு நிமிஷம் என்றாலும் சரி.

இதற்குப் பதில் கடிதம் வேண்டாம். உன் ஒரு வரி வரும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் படிக்கிறோம்.

ஆசீர்வாதங்களுடன்,
தாத்தா

(பாட்டி கையெழுத்தில்) அம்மு, புளிச்சுதா சொல்லு.

கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை விஷயம் எங்கே வருகிறது என்று பாருங்கள். முதலில் வைத்தால் கடிதம் முழுவதுமே அதைப் பற்றியதாகிவிடும். சொல்லாமல் விட்டால், தாத்தா மனசில் வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார் என்று அவள் நினைப்பாள். ஆகவே கடைசிக்குச் சற்று முன்னால், இரண்டே வரியில், கூடவே ஒரு வழியையும் காட்டிச் சொல்லியாகிறது. ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு’ என்பது கேட்க அன்பாக இருக்கும். ஆனால் வேலைக்கு நடுவில் நேரக் கணக்குப் போட்டு, ‘இப்போது தூங்கியிருப்பாரோ’ என்று யோசித்தே பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அவளுடைய மணியில் இத்தனையிலிருந்து இத்தனை என்று எழுதிக்கொடுத்தால் அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லை.

உடம்பைப் பற்றி எழுதுவதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் ஒவ்வொரு வலியையும் எழுதுவார்கள். சிலர் ‘அவள் கவலைப்படுவாள்’ என்று எல்லாவற்றையும் மறைப்பார்கள். மறைத்தது அத்தை வழியாகவோ சித்தப்பா வழியாகவோ எப்படியும் அவள் காதுக்குப் போகும். அதற்கப்புறம் தாத்தா ‘சௌக்கியம்’ என்று எழுதினால் அவள் நம்பமாட்டாள். என்ன ஆனது, யார் துணைக்கு இருந்தார்கள், அடுத்து என்ன என்ற மூன்றையும் ஒரு முறை சொல்லி நிறுத்திவிட்டால், தூரத்தில் இருப்பவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

தாத்தாவின் பழைய கதையும் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதுவும் அவளுடைய லேப் இரவைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ‘நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட கஷ்டம்’ என்ற திசையில் அது போயிருந்தால் அவளுடைய இரவு சின்னதாகிப்போயிருக்கும்.

எழுதியாயிற்று. அவளால் படிக்க முடியுமா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அம்மு எட்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவள் என்று வைத்துக்கொள்வோம். அச்செழுத்து படிப்பாள். தாத்தாவின் சேர்த்தெழுதும் கையெழுத்து அவளுக்குக் கடினம். இன்னொரு தடையும் உண்டு. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா போன்றவையும் ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. அதற்கு முன் பள்ளி படித்த தாத்தாக்களில் பலர் இன்றும் லகரத்தின் மேல் துதிக்கை வளைத்துத்தான் ‘லை’ போடுகிறார்கள். இந்த நூற்றாண்டில் பிறந்த பிள்ளை அந்த வடிவத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததே இல்லை. ‘இல்லை’, ‘வேலை’, ‘காலை’ என்று வரிக்கு ஒன்று வரும் சொற்களில் அவள் தடுக்கி நிற்பாள். எழுதி முடித்தபின் ஒரு முறை உட்கார்ந்து, பழைய வடிவத்தில் விழுந்த எழுத்துகளை மட்டும் புது வடிவத்தில் திருத்தினால் போதும். எழுத்துகளைப் பிரித்து, வரிக்கு வரி இடம் விட்டு, கோடு போட்ட தாளில் எழுதினால் பாதிச் சிரமம் குறையும். தமிழ் படிக்கவே வராத பேரப்பிள்ளை என்றால், கடிதத்தைத் தாத்தாவே வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவாகக் கூட அனுப்பலாம். தாள் கையில் இருக்க, குரல் காதில் கேட்கும்.

அனுப்புவதில் இரண்டு வழியையும் ஒன்றாகச் செய்யலாம். தாளைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கமாகப் பிடித்து வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பலாம். சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி எழுத்து மங்கக்கூடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். மூலக் கடிதம் தபாலில் பின்னால் போகட்டும். தபால் எந்த நாளில் சேரும் என்று சொல்ல முடியாததால், ‘நாளை மறுநாள்’, ‘வரும் வெள்ளி’ போன்றவற்றைக் கடிதத்தில் தவிர்த்துத் தேதியாகவே எழுதிவிடுவது நல்லது.

உறையில் விலாசம் எழுதும்போது ஜெர்மனிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தபால்காரர் தெருவும் கட்டட எண்ணும் பார்த்து வருவார். அப்புறம் கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் எந்தப் பெட்டியில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறதோ அதில் போடுவார். பெட்டியில் அவள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். நம் ஊரில் வைக்கும் முதலெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறி, பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பெட்டியில் ஒரு விதமாகவும் இருப்பது சகஜம். ஆகவே அவளிடம் கேட்க வேண்டியது ‘உன் விலாசம் என்ன’ என்பதல்ல. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். வேறொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தால் அவர் பெயரையும் ‘மேற்பார்வை’ என்று சேர்க்க வேண்டும். ஐந்து இலக்க அஞ்சல் எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். நாட்டின் பெயர் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தனியாக இருக்கட்டும். அனுப்புநர் விலாசத்தை எழுதாமல் விடக்கூடாது. திரும்பினாலும் வீட்டுக்காவது வரும்.

உறைக்குள் கொஞ்சம் விபூதி குங்குமம் வைத்து அனுப்பும் ஆசை பாட்டிகளுக்கு இருக்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் நுண்ணுயிர்ப் பொடியைத் தபாலில் அனுப்பி ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு உறையில் தெரியும் எந்தப் பொடியையும் வெளிநாட்டுத் தபால் ஊழியர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். விதை, இலை ஆகியவற்றுக்கும் தடைகள் உண்டு. பாட்டி கைப்பட எழுதிய ஒரு வரி, வாசல் கோலத்தின் படம், இவை தாளாகவே போகும்.

இனி அவளிடமிருந்து வரும் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். ‘ஸாரி தாத்தா, எழுதவே முடியல’ என்று தொடங்கினால், கடிதத்தில் எங்கோ ஒரு குறைகூறல் ஒளிந்திருக்கிறது. எடுத்து வைத்த நகலை மறுபடி படித்துக் கண்டுபிடிக்கலாம். ‘மப்ளர் என் ரூம்மேட்டோடது’ என்றோ, ‘அவன் லைட் ஐடியா வேலை செஞ்சுது’ என்றோ ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு வந்தால், கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அளவு முன்புபோல ஒரே வரியாகத்தான் இருக்கும். அது நீள வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எல்லாச் சுருக்கமும் வேலை மிகுதியால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வடக்கு நாடுகளின் இருண்ட குளிர்காலம் புதிதாகப் போன பிள்ளைகளில் சிலரை உள்ளே தளரவைக்கிறது. செய்தியின் நீளத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. செய்தியில் எது காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு வந்த சாப்பாட்டுப் பேச்சு நின்றுபோகிறது. தோழிகளின் பேர் வருவதில்லை. படங்கள் இல்லை. அவளுடைய மணியில் விடியற்காலை மூன்று, நாலு என்று செய்தி வரத் தொடங்குகிறது. ‘ஓகே’ தவிர எதுவும் இல்லை. இப்படி இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் அது கடிதம் எழுதும் நேரமல்ல. உடனே கூப்பிட வேண்டும். அவளுடைய அப்பா அம்மாவிடம், குறித்து வைத்த தாளைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நல அமைப்புகள் மனநல ஆலோசனை தருகின்றன. அங்கே போவது வெட்கப்படும் விஷயமில்லை என்று அவளிடம் முதலில் சொல்கிறவர் தாத்தாவாகவே இருக்கலாம். தாத்தா சொன்னால் அந்தப் பேச்சுக்கு வீட்டில் எதிர்ப்பு இருக்காது.

அடுத்த கடிதம் எப்போது என்றால், மாதம் ஒன்று தாராளம். ட்ரெஸ்டனில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்து, அதை ஒட்டிப் பரீட்சைகள் வரும். அந்த மாதக் கடிதம் ஒரே பக்கமாக இருக்கட்டும். கேள்வி ஒன்றுகூட வேண்டாம். கிணற்றடி முருங்கை எவ்வளவு உயரம் வந்தது, புதுக் கண்ணாடியில் என்ன தெரிகிறது, பொங்கலுக்கு யார் யார் வந்தார்கள் என்பதை எழுதி, பரீட்சை என்ற சொல்லையே எடுக்காமல் முடித்து, ஜனவரி முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிட வேண்டுமானால் பொங்கல் செய்தியையும் புதுக் கண்ணாடிச் செய்தியையும் மார்ச் கடிதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.